வேலைவாய்ப்பு முகாமுக்குச் செல்லும் உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். முகாமில் ஒரு நிறுவனத்தின் மேசைமுன் பெரும்பாலும் மூன்று நான்கு நிமிடங்களே கிடைக்கும் என்பதால், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கான பதிலை அரை நிமிடத்துக்குள் முடியுமாறு முன்கூட்டியே எழுதி, கடிகாரத்தை வைத்துச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், படித்த பள்ளி என்று தொடங்கினால், வேலைக்குரிய செய்தி வருமுன்பே நேரம் கரைந்துவிடும்.

கணக்குப் பிரிவுக்குச் செல்பவர் இவ்வாறு சொல்லலாம்: "உங்கள் கணக்கு உதவியாளர் பணிக்காக வந்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக மாதம் ஏறத்தாழ 300 பில்களைச் சரிபார்த்து, வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு வருகிறேன்." எந்தப் பணி, எவ்வளவு அனுபவம், என்ன செய்தார் என்பவை இதில் அடங்கிவிடுகின்றன. நீங்கள் பேசும்போது எதிரில் இருப்பவரின் கண் பயோடேட்டாவின் மேல்பகுதியில்தான் இருக்கும். ஆகவே இதே விவரங்கள் அங்கேயே இருக்கட்டும்.

மிகவும் விரும்பும் நிறுவனத்துக்கு முதலிலேயே செல்ல வேண்டாம். வேறு ஓரிடத்தில் பேசி நாக்குப் பழகிய பின், பிற்பகல் சோர்வு வருமுன் அங்கே செல்லுங்கள்.

எழுமுன், அடுத்த கட்டம் என்ன, யாரை எப்போது தொடர்புகொள்ளலாம் என்று கேளுங்கள். "இணையதளத்தில் விண்ணப்பியுங்கள்" என்றால் அதை மறுப்பு என்று முடிவுகட்டாமல், பணியின் குறியீட்டு எண்ணைக் கேட்டு, வரிசையைவிட்டு விலகியதும் பயோடேட்டாவின் மற்றொரு நகலின் பின்புறத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது மேசைக்குப் பிறகு எல்லாம் குழம்பிவிடும்.