அரிக்காத தேமலைத் தொட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மருத்துவப் பகுதியில் வெளிவந்த தேமல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பூஞ்சைத் தேமலுக்கான களிம்புகளை விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, களிம்பைத் தடவுவதற்கு முன்னால் அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை. மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் தொழுநோய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

தொழுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் சுற்றியுள்ள தோலைவிட வெளிறியோ சற்றே சிவந்தோ காணப்படும் ஒரு தேமல்தான். அது அரிப்பதும் இல்லை, வலிப்பதும் இல்லை. அதனாலேயே யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பூஞ்சைத் தேமலைச் சுரண்டினால் மெல்லிய செதில் உதிரும். இதில் பொதுவாக அப்படி உதிர்வதில்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் உடம்பெல்லாம் வியர்த்து வழியும்போதும் அந்த இடம் மட்டும் உலர்ந்து கிடந்தால் சந்தேகப்பட வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். முதலில் கண் திறந்திருக்கும்போதே நல்ல தோலைப் பேனா முனையால் மெதுவாகத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோலிலும் தேமலிலும் மாற்றி மாற்றித் தொட வேண்டும். இழுக்கவோ அழுத்தவோ கூடாது. "தெரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் "தெரிகிறது" என்றுதான் சொல்வார்கள், எனவே கேட்காமல் தொட்டு, அவர்களாகக் காட்டுகிறார்களா என்றே கவனிக்க வேண்டும். முகத்தில் உள்ள தேமலில் உணர்ச்சி எளிதில் போகாது என்பதாலும், இந்நோயின் சில வகைகளில் உணர்ச்சியற்ற தேமலே தோன்றாமல் தோல் மினுமினுத்துக் காது மடல் தடிப்பதுண்டு என்பதாலும், இந்தச் சோதனையை மட்டும் நம்பி நோய் இல்லையென்று முடிவு கட்டிவிட முடியாது.

உசிலம்பட்டிப் பக்கம் இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மாவுக்கு வலது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு தேமல். அதன் நடுவில் தொட்டால் அவர் கையே அசையவில்லை. ஓரத்தில் தொட்டால் வேறெங்கோ காட்டினார். முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பு, இடக்கையில் இருப்பதைவிடத் தடித்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் நோயை உறுதி செய்து, 6 மாதக் கூட்டு மருந்தைத் தொடங்கினார். (தேமல்கள் 5-க்கு மேல் இருந்தால் 12 மாதம், எதுவானாலும் மருந்து இலவசம்.)

இரண்டாம் மாதம் தேமல் சிவந்து வீங்கியது, முழங்கை வலித்தது, சுண்டுவிரல் மரத்து, பக்கவாட்டில் விரிக்கும் வலுவை இழந்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் அதை நிறுத்திவிட்டார். உண்மையில் அது மருந்தின் கோளாறு அன்று. கிருமி நரம்புக்குள் தங்குவதால், அதை எதிர்த்து உடலின் நோய் எதிர்ப்பு சக்தி கிளம்பும்போது நரம்பே வீங்கி, எலும்பை ஒட்டிய குறுகிய இடத்தில் நசுங்குகிறது. சிகிச்சைக்கு முன்போ, நடுவிலோ, முடிந்த பின்போகூட இது வரலாம். கூட்டு மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர இந்த வீக்கத்தை வற்றச் செய்யாது. அதற்குப் பிரெட்னிசலோன் என்ற மாத்திரையை மருத்துவரின் கண்காணிப்பில் பல வாரங்கள், படிப்படியாக அளவைக் குறைத்துச் சாப்பிட வேண்டும். கிராம சுகாதார செவிலியர் விசாரித்து அழைத்து வந்ததால், அந்த அம்மா இரண்டு மருந்துகளையும் சேர்த்துச் சாப்பிட்டார். சில மாதங்களில் விரலுக்கு வலு திரும்பியது. தேமலில் மரத்த உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நரம்பு செயலிழந்து 6 மாதத்துக்குள் இந்தச் சிகிச்சை கிடைத்தால்தான் மீள்வதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. நெடுநாள் கழித்து வருபவருக்கும் கிருமி முற்றிலும் ஒழியும். ஆனால் மடங்கிப்போன மோதிர விரலும் சுண்டுவிரலும் மாத்திரையால் நிமிர்வதில்லை. அறுவைச் சிகிச்சை ஓரளவு கைகொடுக்கும் என்றாலும் போன உணர்ச்சியை அது மீட்பதில்லை. அதன் பிறகு சூடு தெரியாமல் கை வெந்து, புண் ஆறாமல் புரையோடித்தான் விரல்கள் குறைகின்றனவே தவிர, மக்கள் நம்புவதுபோல் கிருமி விரலைத் தின்பதில்லை.

ஒருவருக்கு நோய் உறுதியானால், அவருடன் வசிப்பவர்களின் தோலையும் சுகாதாரப் பணியாளர்கள் பார்க்க வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கு, தகுதி பார்த்து, தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தருகிறார்கள். அக்கம்பக்கத்தார் அறிந்துவிடுவார்களே என்ற கூச்சத்தில் பல வீடுகளில் இதை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்கு வரச் சொல்லத் தயங்குபவர்கள் சுகாதார நிலையத்துக்கே போய்க் காட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார மேற்பார்வையாளர் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.