வாராந்திரச் சந்தை மடலை எப்படி எழுதுகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு வார இறுதியிலும் நாங்கள் அனுப்பும் சந்தை மடலைப் படித்த ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "புதன்கிழமை சந்தை 600 புள்ளிகள் சரிந்தது என்று எல்லாச் செய்திகளிலும் அலறினார்கள். நீங்களோ வாரம் முழுவதையும் சேர்த்து ஒன்றரை சதவீத இறக்கம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்களை அமைதிப்படுத்துவதற்காகக் குறைத்துச் சொல்கிறீர்களா?" நியாயமான கேள்விதான். மடலில் வரும் ஒவ்வொரு வரியும் எப்படி உருவாகிறது என்பதை விரிவாகச் சொல்வதே அதற்குச் சரியான பதிலாக இருக்கும்.

கணக்குக்கு வசதியாக ஒரு மாதிரி வாரத்தை எடுத்துக்கொள்வோம். முந்தைய வெள்ளிக்கிழமை 20,000 புள்ளிகளில் முடிந்த குறியீட்டெண், திங்களன்று 19,880, செவ்வாயன்று 19,940, புதனன்று 19,340, வியாழனன்று 19,520, வெள்ளியன்று 19,700 என்று முடிகிறது. புதன்கிழமை இழந்த 600 புள்ளிகள் உண்மையே. அது அன்றைய கணக்கில் 3 சதவீதம். ஆனால் வார மடலின் அளவுகோல் ஒரு வெள்ளியின் இறுதி மதிப்பிலிருந்து அடுத்த வெள்ளியின் இறுதி மதிப்பு வரை. அந்தக் கணக்கில் இழப்பு 300 புள்ளிகள், அதாவது 1.5 சதவீதம். புதன்கிழமையை நாங்கள் மறைப்பதில்லை. வாரத்தின் நடுவே அதிகபட்ச இறக்கம் எவ்வளவு என்பதை இரண்டாவது வரியிலேயே எழுதுகிறோம். ஆனால் முதல் வரி, வார முடிவில் கையில் எஞ்சியது என்ன என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

புள்ளிகளை விடச் சதவீதத்துக்கு முதலிடம் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் குறியீட்டெண் 1987 அக்டோபர் 19 அன்று 508 புள்ளிகள் இறங்கியது. 2018 பிப்ரவரி 5 அன்று அதே குறியீட்டெண் 1,175 புள்ளிகள் இறங்கியது. புள்ளிகளை மட்டும் பார்ப்பவர் இரண்டாவது நாளே மோசமானது என்று நினைப்பார். ஆனால் முதல் நாளின் இழப்பு 22.6 சதவீதம், இரண்டாவது நாளின் இழப்பு 4.6 சதவீதம். குறியீட்டெண் வளர வளர, அதே சதவீத அசைவு புள்ளிகளில் பெரிய எண்ணாகத் தெரியும். தலைப்புச் செய்திக்குப் பெரிய எண் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

அடுத்து, இறங்கியது சந்தையா, ஒரு நிறுவனமா என்று பார்க்கிறோம். மடல் எழுதும் வேலையில் எங்களுக்கு அதிக நேரம் பிடிப்பது இதுதான். பெரும்பாலான முக்கியக் குறியீட்டெண்கள், சந்தை மதிப்பு அதிகமுள்ள நிறுவனங்களுக்கு அதிக வெயிட்டேஜ் கொடுப்பவை. நமது மாதிரி வாரத்தில், 12 சதவீத வெயிட்டேஜ் உள்ள ஒரு பெரிய நிறுவனத்தின் பங்கு விலை 8 சதவீதம் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சதவீதத்தில் 8 சதவீதம் என்றால் 0.96 சதவீதம்; அதாவது, குறியீட்டெண் இழந்த 300 புள்ளிகளில் 192 புள்ளிகள் இந்த ஒரே பங்கால் வந்தவை. மற்ற எல்லா நிறுவனங்களும் சேர்ந்து இழந்தது 108 புள்ளிகள்தான். அவற்றின் சராசரி இறக்கம் 0.6 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். "சந்தை ஒன்றரை சதவீதம் இறங்கியது; அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரு நிறுவனத்தால் ஏற்பட்டது" என்று எழுதும்போது, அந்தப் பங்கை வைத்திருப்பவரும் வைத்திருக்காதவரும் தங்கள் நிலையைத் தாங்களே புரிந்துகொள்ள முடிகிறது. ஏறிய வாரங்களுக்கும் இதே சோதனை உண்டு: ஒரு சில பங்குகள் மட்டும் தூக்கிப் பிடித்த ஏற்றத்தை நாங்கள் பரவலான ஏற்றம் என்று எழுதுவதில்லை.

இனி, காரணங்கள். ஒரு பழைய தவற்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மத்திய வங்கி வட்டி விகிதத்தைக் கால் சதவீதம் குறைத்த ஒரு வாரத்தில், "இந்தக் குறைப்பு போதாது என்ற ஏமாற்றத்தால் பங்குகள் இறங்கின" என்று எழுதிவிட்டோம். வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாடிக்கையாளர் அடுத்த நாளே எழுதினார்: "ஐயா, அறிவிப்பு வந்தது பிற்பகலில். இறக்கம் காலையில் சந்தை திறந்த முதல் மணி நேரத்திலேயே முடிந்துவிட்டதே?" அவர் சொன்னது முற்றிலும் சரி. முந்தைய நாள் மாலை ஒரு பெரிய நிறுவனத்தின் காலாண்டு முடிவு வெளியாகியிருந்தது. சந்தை அதற்குத்தான் அசைந்தது. வட்டி அறிவிப்புக்குப் பிறகு குறியீட்டெண் பெரிதாக நகரவே இல்லை.

அன்று முதல், ஒரு செய்தியை ஓர் அசைவோடு இணைக்கும் முன் அசைவு தொடங்கிய நேரத்தைப் பார்க்கிறோம். பிறகு, அந்தச் செய்தி உண்மையிலேயே தொட வேண்டிய வேறொரு விலையையும் பார்க்கிறோம். வட்டிச் செய்தி என்றால், குறுகிய காலக் கடன் பத்திரங்களின் யீல்டு, அதாவது அவை தரும் வருவாய் விகிதம், அடுத்த சில நிமிடங்களில் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால், சந்தை அந்த முடிவை ஏற்கெனவே எதிர்பார்த்து விலையில் சேர்த்துவிட்டது என்று பொருள். நேரமும் இந்த இரண்டாவது சான்றும் பொருந்தினால்தான் மடலில் "காரணமாக" என்ற சொல் வரும். நேரம் மட்டும் பொருந்தினால் "அதைத் தொடர்ந்து" என்று எழுதுகிறோம். இரண்டும் பொருந்தாவிட்டால் "அதே வாரத்தில்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். தெளிவான காரணம் எதுவும் இல்லாத வாரங்களும் நிறைய உண்டு. அப்போது அதையே எழுதுகிறோம். "லாபம் எடுப்பதற்காக விற்றார்கள்" என்ற வழக்கமான வரியை நாங்கள் கைவிட்டதற்குக் காரணம், விற்ற ஒவ்வொரு பங்கையும் யாரோ ஒருவர் வாங்கியும் இருக்கிறார் என்பதுதான்.

வினைச்சொற்களைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். சரிந்தது, வீழ்ந்தது, இறங்கியது, தளர்ந்தது என்று தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை மனம்போலப் போடுவதில்தான் பதற்றம் தொற்றுகிறது. ஓராண்டில் வழக்கமாக எவ்வளவு அசைகிறது என்பதைக் காட்டும் ஆண்டு ஏற்ற இறக்க அளவு 16 சதவீதமாக உள்ள ஒரு குறியீட்டெண்ணுக்கு, அதை 52 வாரங்களின் வர்க்கமூலமான 7.2 ஆல் வகுத்தால், ஒரு சாதாரண வாரத்தின் அசைவு 2.2 சதவீதம் வரை என்று கிடைக்கும். அதற்குள் அடங்கும் அசைவுக்கு "இறங்கியது" அல்லது "ஏறியது" மட்டுமே. அதன் இரு மடங்கைத் தாண்டினால்தான் "சரிந்தது". உண்மைச் சந்தையில் பெரிய அசைவுகள் இந்தக் கணக்கு காட்டுவதை விட அடிக்கடி வருகின்றன. ஆகவே இது சொல்லைத் தேர்வதற்கான கோலே தவிர, அடுத்த வாரத்தை முன்கூட்டிச் சொல்லும் கருவி அல்ல. நமது மாதிரி வாரத்தின் 1.5 சதவீதம் "இறங்கியது" என்ற சொல்லுக்குள் அடங்கியதற்கு இதுவே காரணம்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். மடலில் வரும் குறியீட்டெண் மாற்றம் உங்கள் கணக்கின் மாற்றம் அல்ல. உங்களிடம் உள்ள பங்குகளும் கடன் பத்திரங்களும் வேறு விகிதத்தில் இருக்கும். வழக்கமாகச் சொல்லப்படும் குறியீட்டெண்களில் டிவிடெண்ட் சேர்வதும் இல்லை. உங்கள் கணக்கின் மாற்றத்தை அறியக் கணக்கு அறிக்கையையே பார்க்க வேண்டும்.

மடலில் பிழை கண்டால் தயங்காமல் எழுதுங்கள். திருத்தம் இருந்தால், அது அடுத்த வார மடலின் முதல் பத்தியிலேயே, பழைய வரியையும் சேர்த்து வெளியாகும்.

இப்படிக்கு,
வாராந்திரச் சந்தை மடலை எழுதும் குழுவினர்