நூறு பேருக்குச் சேமியாப் பாயசம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா ஆசிகளுடன் எழுதுவது. புனேயில் உங்கள் புதுமனை புகுவிழாவுக்கு நூறு பேர் வருவார்கள் என்றும், சாப்பாட்டை வெளியில் சொல்லிவிட்டாலும் பாயசத்தை மட்டும் உன் கையாலேயே வைக்க விரும்புகிறாய் என்றும் மாப்பிள்ளை தொலைபேசியில் சொன்னார். ஒரு லிட்டர் பாலுக்கு நான் சொல்லிக்கொடுத்த அளவைப் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம் என்று நீ எண்ணியிருப்பாய். பாலுக்கும் சர்க்கரைக்கும் அந்தக் கணக்கு சரிதான், ஆனால் சேமியாவுக்கு அது பொருந்தாது என்பதால்தான் இந்தக் கடிதத்தை விரிவாக எழுதுகிறேன்.

நம் வீட்டு அளவு உனக்கு நினைவிருக்கும்: ஒரு லிட்டர் பாலுக்குக் கால் லிட்டர் தண்ணீர், 100 கிராம் சேமியா, 175 கிராம் சர்க்கரை. அதை இறக்கிய கால் மணி நேரத்தில் நாம் குடித்து முடித்துவிடுவோம், பாத்திரமும் சிறியது என்பதால் சீக்கிரம் ஆறிவிடும். பத்து லிட்டர் பாயசம் அப்படி ஆறாது. அடுப்பை அணைத்த பிறகும் மணிக்கணக்கில் சூட்டைத் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கும், அந்தச் சூட்டிலேயே சேமியா மேலும் வெந்து, பாலை உறிஞ்சி, பருத்துக்கொண்டே போகும். உன் தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தின்போது, பத்து லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ சேமியா என்று நேராகப் பெருக்கி நான் வைத்த பாயசம் இறக்கியபோது மிக அழகாக இருந்தது. பந்தி ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது, பரிமாறப் போனபோது அது கரண்டியில் வெட்டி எடுக்கும் பதத்துக்கு வந்துவிட்டிருந்தது. அன்று முதல் கூட்டத்துக்கு வைக்கும்போது லிட்டருக்கு 75 கிராம் சேமியாவுக்கு மேல் நான் போடுவதில்லை.

ஆகவே உனக்கான அளவு இது. பால் 10 லிட்டர், தண்ணீர் 2 லிட்டர், சேமியா 750 கிராம், சர்க்கரை ஒன்றே முக்கால் கிலோ. கொதித்து ஆவியாகிப் போவது போக ஏறக்குறைய 12 லிட்டர் பாயசம் கிடைக்கும். ஆளுக்கு நூறு மில்லி கொள்ளும் சிறிய கிண்ணம் ஒன்று என்றால் நூறு பேருக்கு 10 லிட்டர் செலவாகும், மீதி இரண்டு லிட்டர் மறுமுறை கேட்பவர்களுக்கு. வீட்டில் கால் லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறோமே, பத்துக்கு இரண்டரை அல்லவா என்று கேட்பாய். பெரிய பாத்திரத்தில் பாலின் அளவு கூடும் அளவுக்கு மேற்பரப்பு கூடுவதில்லை, அதனால் லிட்டருக்குக் கணக்கிட்டால் ஆவியாவது குறைவு, தண்ணீரும் அதற்கேற்பக் குறைவாகவே வேண்டும். நெய்யும் ஏலக்காயும்கூடப் பத்து மடங்கு வேண்டாம். 200 கிராம் நெய்யும் இருபத்தைந்து ஏலக்காயும் போதும், மூடிவைத்த பெரிய பாத்திரத்தில் மணம் நன்றாகவே தங்கும். முந்திரி, திராட்சை உன் விருப்பம்.

எல்லாவற்றையும் தராசில் நிறுத்துக்கொள். டம்ளரால் அளந்தால் சர்க்கரை ஓரளவு சரியாக வரும், ஆனால் சேமியா எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து எடை மாறிவிடும்.

உன் வீட்டு அடுப்பில் பத்து லிட்டரை ஒரே பாத்திரத்தில் ஏற்ற வேண்டாம். பொங்கி எழுவதற்கு இடம் விட்டால் பதினாறு லிட்டருக்குக் குறையாத பாத்திரம் தேவைப்படும், அது கொதிக்கவே ஒரு மணி நேரம் ஆகலாம். பத்து லிட்டர் கொள்ளும் அடிகனமான பாத்திரங்கள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து லிட்டர் பால் வைத்து இரண்டு அடுப்பிலும் ஏற்று. முதலில் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டு, அதன்மேல் பாலை ஊற்றினால் அடி பிடிப்பது குறையும். ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு பாக்கெட்டிலிருந்தும் ஒரு கரண்டிப் பாலைத் தனியே காய்ச்சிப் பார்ப்பது சலிப்பான வேலைதான், ஆனாலும் செய், ஏனென்றால் புளித்த ஒரு பாக்கெட் ஐந்து லிட்டரையும் திரித்துவிடும். அப்படியும் எங்காவது அடி பிடித்த வாடை வந்தால் சுரண்டிக் கிளறாதே, மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்குச் சாய்த்து மாற்றிவிடு.

சேமியாவை முதல் நாளே நெய்யில் வறுத்து வைத்துக்கொள்ளலாம். வறுத்ததாகவே கடையில் விற்பதையும் நெய்யில் ஒருமுறை புரட்டி எடு. 750 கிராமையும் ஒரே வாணலியில் கொட்டினால் அடியில் கருகும், மேலே வெள்ளையாகவே நிற்கும், அந்த வெள்ளைச் சேமியாதான் பிறகு குழைந்து மாவாகிப் பாயசத்தைக் கொழகொழப்பாக்கும். கால் கிலோவாக மூன்று தடவை, மிதமான தீயில், எல்லா இழையும் ஒரே பொன்னிறத்துக்கு வரும்வரை வறு.

பால் நன்றாகக் கொதித்த பிறகு சேமியாவைத் தூவியபடி கிளறு. ஐந்தாறு நிமிடத்தில் ஓர் இழையை எடுத்து விரலால் நசுக்கிப் பார், நசுங்கிய பிறகும் நடுவில் மெல்லிய உறுதி தெரிகிறபோதே சர்க்கரையைச் சேர்த்துவிட வேண்டும். வேகும் முன் சர்க்கரை போட்டால் சேமியா விறைத்துக்கொள்ளும். முதலில் ஒன்றரைக் கிலோவை இரண்டு பாத்திரத்துக்கும் பாதிப்பாதியாகப் போட்டுக் கரைந்ததும் ருசி பார்த்து, மீதிக் கால் கிலோவை அதற்கேற்பச் சேர். ருசி பார்ப்பதற்குச் சிறிது கிண்ணத்தில் எடுத்து, குடிக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுப் பார், கொதிக்கக் கொதிக்க நாக்கில் விட்டால் இனிப்பு சரியாகத் தெரியாது.

சர்க்கரை கரைந்ததும் பாயசம் நீர்த்துப்போனதுபோலத் தோன்றும். இந்த இடத்தில்தான் பலரும் பயந்துபோய் மேலும் கொதிக்கவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாமல் இரண்டு நிமிடத்தில் அணைத்துவிடு. கரண்டியை எடுத்தால் பால் ஒழுகி ஓட வேண்டும், சேமியா அடியில் படிந்து தனித்தனியாகத் தெரிய வேண்டும். இறக்கும்போதே பாயசத்தின் பதம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் அது பொங்கலாகிவிடும்.

பால் பாயசம் வைக்கலாமா என்றும் மாப்பிள்ளை கேட்டார். அதற்கு லிட்டருக்கு 60 கிராம் பச்சரிசியும் 200 கிராம் சர்க்கரையும் அளவு, அரிசி நன்றாகக் குழைந்த பிறகே சர்க்கரை போட வேண்டும். ஆனால் அதன் ருசியே பால் முக்கால் பங்காக வற்றுவதில் இருக்கிறது. பத்து லிட்டரிலிருந்து இரண்டரை லிட்டரை வீட்டு அடுப்பில் வற்ற வைக்க, நீ விடாமல் கிளறியபடி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும். கிரகப்பிரவேசத்தன்று ஓமத்தில் உட்கார வேண்டிய உனக்கு அது முடியாது.

பத்து லிட்டருக்கு மேல் ஒரு லிட்டர் பாலையும் 150 கிராம் சர்க்கரையையும் தனியாக எடுத்துவை. பந்திக்குச் சற்று முன் பாயசம் இறுகியிருந்தால் அந்தப் பாலைச் சர்க்கரையோடு காய்ச்சிச் சூடாகவே ஊற்றிக் கலக்கு. குளிர்ந்த பாலை ஊற்றினால் பாயசம் ஆறிவிடும், ஆறினால் இன்னும் இறுகும். வறுத்த முந்திரி, திராட்சையையும் அந்த நேரத்திலேயே போடு.

பெரிய பாத்திரம் இரண்டும் பக்கத்து வீட்டில் கிடைக்குமா என்று கேட்டுச் சொல். கிடைக்காவிட்டால் நாங்கள் வரும்போது இங்கிருந்து ரயிலில் கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
அம்மா