வெசாக் கூடும் நம் பட்டமும்

அன்பு மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோ குறைந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே பிள்ளைகளுக்குச் சோதனை முடிந்துவிட்டது, நானும் மனைவியும் சுகம்.

இந்த வெசாக்குக்கு நான் தாமரைப் பூ வடிவில் வெளிச்சக்கூடு கட்டினேன். வெள்ளவத்தைக்கு வந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டு ஆச்சி, புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் பரிநிர்வாணம் அடைந்ததும் இந்தப் பௌர்ணமியில்தான் என்று சொல்லி, ஒரு தட்டுப் பாற்சோறு தந்துவிடுவார். இம்முறை அவருக்குக் கை நடுக்கம், கூடு கட்ட இயலவில்லை. "நீ சின்ன வயதில் பட்டம் கட்டினவன்தானே" என்று என்னிடம் விட்டார். அவர் சொல்லச் சொல்ல, அவர் வீட்டு முற்றத்திலேயே இருந்து கட்டினேன்.

சட்டகம் நமக்குத் தெரிந்த வேலைதான். மூங்கிலைச் சீவி இரண்டு வளையம்: மேலே 30 சென்ரிமீற்றர் அகலம், கீழே 15. இரண்டையும் எட்டுக் குச்சிகளால் இணைத்தால் வாய் அகன்ற கிண்ணம் மாதிரி வரும். பட்டத்துக்குப் போலவே ஒவ்வொரு சீவலையும் விரலில் வைத்து நிறை பார்த்தேன். ஒரு பக்கம் பாரமாக இருந்தால் கூடு சரிந்து தொங்கும். உள்மேனிக்கு வெள்ளை ரிசு பேப்பரை ஒட்டி, பசை காய்ந்தபின் தண்ணீரைப் பூத்தூறலாகத் தெளித்தேன். காயக் காயப் பேப்பர் பறை போல விறைத்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், கொக்குப் பட்டத்துக்கும் இப்படித்தானே செய்தோம். ஆனால் இதை இதழ் ஒட்டுமுன் செய்துவிட வேண்டும். சிவப்பு, ரோஸ் பேப்பரில் தண்ணீர் பட்டால் சாயம் இறங்கிவிடும்.

பசைக்கும் அதே கதைதான். இரண்டு கரண்டி கோதுமை மாவை ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரில் கரைத்து, மினுமினுப்பு வரும்வரை கிண்டிக் காய்ச்சினேன். தண்ணியாக இருந்தால் இதழின் அடி நனைந்து சாயம் ஓடும். விரலால் தொட்டுப் பிரித்தால் நூல் மாதிரி இழுபட வேண்டும், அதுதான் பதம். கரப்பான் தின்னாமல் இருக்க ஆச்சி கொஞ்சம் மயில்துத்தம் போடச் சொன்னார். அது நஞ்சு என்பதால், சமையலுக்கு எடுக்காத பழைய ரின்னில் காய்ச்சினேன்.

இதழ்தான் எனக்குப் புதிது. வெட்டிய இதழின் ஓரத்தைச் சைக்கிள் கம்பியில் சுற்றி, இரண்டு பக்கமும் விரலால் நெருக்கித் தள்ளிப் பிறகு உருவி எடுக்க வேண்டும். உண்மையான தாமரை இதழின் நரம்பு போலச் சுருக்கம் விழுந்திருக்கும். அடியில் மட்டும் பசை. நுனி சும்மா நின்றால்தான் மலர்ந்தது போல இருக்கும். மேல் வரிசையை முதலில் ஒட்டி, அடுத்த வரிசையை அந்த இதழ்களின் இடைவெளியில் வைத்து, கீழே இறங்கி வந்து, கடைசியில் பச்சை இலைகள்.

முதல் கூட்டில் ஆசைப்பட்டு நாலு வரிசை, அதுவும் இதழுக்கு இரண்டு பேப்பராக ஒட்டினேன். பகலில் பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள். இரவில் பல்பைப் போட்டால் வாயில் மட்டும் ஒரு வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு உருண்டை. ஆச்சி ஒன்றும் சொல்லாமல், கூட்டுக்குப் பின்னால் கையை வைத்து விரல் தெரிகிறதா என்று காட்டினார். தெரியவில்லை. இதழ் இதழின் மேல் விழும் இடத்தில் நாலைந்து பேப்பர் அடுக்காகிவிட்டது.

இரண்டாவது கூட்டில் இரண்டே வரிசை, வரிசைக்கு எட்டு ஒற்றைப் பேப்பர் இதழ்கள். மேலே 13 சென்ரிமீற்றர் அகலம், அடுத்தது 10, அடியில் இலை 7. மேலிருந்து கீழ் கிண்ணம் குறுகுவதால் இதழும் குறுக வேண்டும், இல்லாவிட்டால் அடியில் குவிந்து மறைக்கும். ஒவ்வொரு வரிசை ஒட்டியதும் அறையை இருட்டாக்கி உள்ளே வெளிச்சம் வைத்துப் பார்த்தேன். இனி யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். உள்ளே மெழுகுதிரி வைக்க எனக்கு மனம் வரவில்லை. காற்றில் கூடு ஆடும், இதழோ ஒரு நொடியில் பற்றிவிடும். சூடு குறைந்த சின்ன எல்.ஈ.டி பல்பைக் கிண்ணத்தின் நடு உயரத்தில் தொங்கவிட்டேன்.

போயா அன்று எட்டு மணிக்கு மழை. நல்லவேளை, கூட்டைத் தாழ்வாரத்துக்கு உள்ளேதான் கட்டியிருந்தேன். ஆச்சி வாசல்படியில் அகல் விளக்குகளை ஏற்றிவிட்டு, கூட்டைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தார். இதழின் நரம்பெல்லாம் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

சட்டகத்தைக் கழற்றாமல் பரணில் வைத்திருக்கிறேன். அடுத்த வெசாக்குக்கு நீ குடும்பத்தோடு வா, பேப்பர் மட்டும் புதிதாக ஒட்டுவோம். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் பழைய பட்டக் கூட்டாளி