பாஸ்புக்கில் ஒரு தேதியை அச்சடித்துத் தாருங்கள்: வங்கி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வங்கிகளின் தலைமை அலுவலகங்களில் வாடிக்கையாளர் சேவைக்குப் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 69. அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். 2025 செப்டம்பரில் அவருடைய கணக்கிலிருந்து 2,88,000 ரூபாய் போனது. எந்த வங்கி என்று இங்கே எழுதப் போவதில்லை. நான் கேட்கப்போவதை எல்லா வங்கிகளிடமும்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்று மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, கிளை விடுமுறை. காலை 10.40க்கு அழைப்பு வந்தது. பேசியவன் அம்மாவின் பெயரையும் கிளையின் பெயரையும் சரியாகச் சொன்னான். "மேடம், உங்க கேஒய்சி இன்னைக்கோட முடியுது. சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கவுண்ட் பிளாக் ஆயிடும்" என்றான். அம்மா, "திங்கக்கிழமை நேரா பிராஞ்சுக்கு வந்துடறேன் சார்" என்று சொல்லியிருக்கிறார். "பிராஞ்சுல இப்ப இதெல்லாம் வாங்கறதில்ல மேடம், எல்லாம் ஆன்லைன்தான்" என்று பதில் வந்தது.

அம்மா ஏன் இதை நம்பினார் என்று பலரும் கேட்டார்கள். படித்தவர்தானே, டீச்சர்தானே என்றார்கள். அதற்குக் காரணம் அதற்கு முந்தைய வருஷம் நடந்தது. 2024இல் ஒருநாள் ஓய்வூதியம் எடுக்க ஏடிஎம்முக்குப் போனார், பணம் வரவில்லை. கிளைக்குப் போய் வரிசையில் நின்று கேட்டபோதுதான், கேஒய்சி புதுப்பிக்காததால் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள். கடிதம் எதுவும் வீட்டுக்கு வரவில்லை. ஆதார், பான் நகல்களையும் போட்டோவையும் கொடுத்து, மறுபடி பணம் எடுக்க ஒன்பது நாள் ஆனது. மருந்துக் கடையில் கடன் சொல்லிச் சமாளித்திருக்கிறார். கணக்கு திடீரென்று நின்றுபோகும் என்பது அவருக்குக் கற்பனை மிரட்டல் இல்லை, பட்ட அனுபவம். "ஆன்லைன்ல பண்ணிக்கோங்கம்மா" என்பதும் அதே கவுன்டரில் அவர் ஏற்கெனவே கேட்ட வார்த்தைதான். மோசடிக்காரன் புதிதாக எதையும் சொல்லவில்லை.

அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. முகப்புப் படத்தில் வங்கியின் சின்னம், பெயரில் கேஒய்சி, கடைசியில் .apk. அதைத் தொட்டதும், தெரியாத இடத்திலிருந்து வரும் செயலி என்று போன் ஒரு எச்சரிக்கை காட்டியது. "அது எல்லாருக்கும் வரும் மேடம், ஓகே குடுங்க" என்றான். குறுஞ்செய்திகளைப் படிக்க அந்தச் செயலி அனுமதி கேட்டது, அம்மா கொடுத்தார். அந்த நொடியிலிருந்து அவர் யாரிடமும் ஓடிபி சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று. வரும் ஓடிபி எல்லாம் நேராக அவனுக்கும் போய்விடும். அடுத்து ஒரு படிவம் திறந்தது. பெயர், பிறந்த தேதி, பான் எண் கேட்டுவிட்டு, ஏடிஎம் அட்டை எண், அதன் காலாவதி மாதம், பின் நம்பர் ஆகியவற்றையும் கேட்டது. "அப்டேட் ஆக அரைமணி நேரம் ஆகும், போனைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தான். போனைத் தொட்டால்தானே பணம் போகும் செய்திகள் கண்ணில் படும்.

இணைய வங்கிச் சேவையை அம்மா ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. அந்த அட்டை விவரத்தையும் ஓடிபியையும் வைத்து அவர் பெயரில் அவர்களே அதைப் பதிவு செய்துகொண்டார்கள். உள்ளே போனதும் மூன்று லட்சம் ரூபாய் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்தார்கள். அந்தப் பணம் சேமிப்புக் கணக்கில் விழுந்தது. அங்கிருந்து 99,000, 99,000, 90,000 என்று மூன்று முறையாக வெவ்வேறு கணக்குகளுக்குப் போனது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். 2024இல் அம்மா புதுப்பித்த கேஒய்சி 2025இல் எப்படி முடியும்? ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அதிக இடர் உள்ள வாடிக்கையாளர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நடுத்தரப் பிரிவுக்கு எட்டு ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்த இடர் உள்ளவர்களுக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். மாதா மாதம் ஓய்வூதியம் மட்டும் வந்துபோகும் என் அம்மாவின் கணக்கு குறைந்த இடர்ப் பிரிவில் இருக்கிறது. அடுத்த முறை 2034இல்தான். இது பிறகு கிளையில் கேட்டபோது தெரிந்தது. உங்கள் கணினியில் அந்தத் தேதி அன்றைக்கும் இருந்தது. அம்மாவிடம்தான் இல்லை. இருந்திருந்தால் அந்த அழைப்பு ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

தேதி வந்தாலும்கூட "இன்று சாயங்காலம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. 2025 ஜூன் 12 அன்று வந்த திருத்தம், கெடு தேதிக்கு முன்னால் குறைந்தது மூன்று அறிவிப்புகள் தர வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும் என்கிறது. தேதி தாண்டியும் புதுப்பிக்காவிட்டால் இன்னும் மூன்று நினைவூட்டல்கள், அதிலும் ஒரு கடிதம். குறைந்த இடர் வாடிக்கையாளர் என்றால் கெடு முடிந்த பின்னும் ஒரு வருஷம்வரை எல்லாப் பரிவர்த்தனையையும் அனுமதிக்கச் சொல்கிறது. விவரத்தில் மாற்றம் இல்லையென்றால் "மாற்றம் இல்லை" என்று ஒரு சுய அறிவிப்பு தந்தால் போதும். ஏடிஎம் அட்டை எண்ணோ பின் நம்பரோ இதில் எந்த இடத்திலும் வருவதில்லை. கேஒய்சி என்பது நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பது. அட்டையைப் பற்றிய ஒரு கேள்வி வந்தாலே அது கேஒய்சி இல்லை.

இந்த இரண்டு விஷயங்களும், அதாவது எப்போது முடிகிறது என்பதும் எதைக் கேட்க மாட்டோம் என்பதும், என் அம்மாவுக்கு உங்களிடமிருந்து தமிழில் ஒருமுறைகூட வந்ததில்லை. வந்தவை எல்லாம் ஆங்கிலக் குறுஞ்செய்திகள். அவற்றில் சிலவற்றில், அவசரம், கணக்கு முடங்கும், இந்த இணைப்பைத் தொடுங்கள் என்றுதான் இருந்தது. அம்மாவின் போனில் பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தேன். வங்கி உண்மையாக அனுப்பியதையும் மோசடிக்காரன் அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே சட்டென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எதையும் தொடாதீர்கள் என்று விளம்பரம் தருகிற நீங்களே தொடச்சொல்லி இணைப்பு அனுப்பினால், எதைக் கேட்பது?

அன்று நடந்ததில் இன்னொரு பகுதி இருக்கிறது. 11.35க்கு அம்மா போனைப் பார்த்தார். இரண்டு முறை பணம் போன செய்தி இருந்தது. 11.36க்கு அட்டையின் பின்பக்கம் இருந்த எண்ணுக்கு அழைத்தார். மொழியைத் தேர்ந்தெடுக்க ஒன்று, கணக்குக்கு இரண்டு, கடனுக்கு மூன்று என்று ஓடியது. நடுவில் ஒரு காப்பீட்டுத் திட்டத்தின் விளம்பரமும் வந்தது. ஒரு மனிதக் குரல் கிடைத்துப் புகார் எண் தந்தபோது மணி 11.52. மூன்றாவது பரிமாற்றம், அந்த 90,000, நடந்தது 11.44க்கு.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். வாடிக்கையாளரே விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆகும் இழப்பு அவருடையது, தெரிவித்த பிறகு ஆகும் இழப்பு வங்கியுடையது என்கிறது அது. முதல் இரண்டு தொகையை நாங்கள் கேட்கவில்லை. மூன்றாவதைக் கேட்டோம். புகார் பதிவான நேரம் 11.52 என்று பதில் வந்தது. உங்கள் எண்ணை அழைத்து, நீங்கள் எடுக்கக் காத்திருந்த பதினாறு நிமிஷத்தை என் அம்மாவின் தாமதமாகக் கணக்கெடுப்பது நியாயம் இல்லை. அதே சுற்றறிக்கை, பரிவர்த்தனைச் செய்திக்கு அப்படியே பதில் அனுப்பி ஆட்சேபம் தெரிவிக்கும் வசதி வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வசதி இருந்திருந்தால் 11.36க்கே பதிவாகியிருக்கும். அம்மாவுக்கு வந்த செய்தியில் மறுபடியும் ஒரு தொலைபேசி எண்தான் இருந்தது.

12.05க்கு நான் சென்னையிலிருந்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்தேன், பிறகு cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்தேன். பணம் அதற்குள் நான்கு கணக்குகளைத் தாண்டியிருந்தது. ஒன்றில் 71,000 மாட்டிக்கொண்டது. நீதிமன்ற உத்தரவு வாங்கி அது அம்மாவின் கைக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. மீதியை ஏடிஎம்களில் எடுத்துவிட்டார்கள்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் எதுவும் இல்லை. கேஒய்சி அடுத்து எப்போது புதுப்பிக்க வேண்டும் என்ற தேதியைப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில், கிளையின் பெயருக்குக் கீழே அச்சடித்துத் தாருங்கள். விதி சொல்லும் அந்தக் கடிதத்தை வாடிக்கையாளரின் மொழியில் அனுப்புங்கள். உங்கள் அழைப்புகள் 1600 வரிசை எண்களிலிருந்துதான் வரும் என்று அதில் எழுதுங்கள். அந்த வரிசையை வங்கிகள் போன்ற நிதி நிறுவனங்களுக்கும் அரசு அமைப்புகளுக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் எங்கள் ஊரில் நான் கேட்ட ஒருவருக்கும் அது தெரியவில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால், மொழியைக் கேட்பதற்கும் முன்னால், மோசடிப் புகாருக்கு ஒரு பொத்தான் இருக்கட்டும்.

அப்புறம் வைப்புத்தொகை. இணைய வங்கியை வாழ்நாளில் தொடாத 69 வயதுக்காரர், அதைப் பதிவு செய்த அரைமணி நேரத்துக்குள் பல வருஷ வைப்பை முடித்து, அதுவரை பணமே அனுப்பாத மூன்று பேருக்கு அனுப்புகிறார். உங்கள் கணினிக்கு இது விசித்திரமாகத் தெரிந்திருக்க வேண்டும். இப்படி ஒன்று நடந்தால் ஒருநாள் நிறுத்தி வையுங்கள், கிளையிலிருந்து ஒரு ஆள் பேசட்டும். உண்மையான அவசரம் என்றால் வாடிக்கையாளர் கிளைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவருக்கு அது பழக்கமான வழிதான்.

கிளையில் அந்தத் தேதியைக் கேட்டபோது, ஒரு இளம் எழுத்தர் திரையைப் பார்த்துவிட்டு அம்மாவின் பாஸ்புக்கிலேயே நீலப் பேனாவால் "கேஒய்சி 2034" என்று எழுதிக் கொடுத்தார். பத்து வினாடிகூட ஆகவில்லை. இந்த ஜனவரியில் அம்மாவுக்கு மறுபடி ஒரு அழைப்பு வந்திருக்கிறது. அதே பேச்சு, அதே ஆறு மணி. அம்மா அலமாரியிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பார்த்து, "எனக்கு 2034 வரைக்கும் இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளரின் மகள்