ஏழு பேர் இல்லை, மூன்று பேர்

அன்புள்ள மக்கா,

நீ மஸ்கட்டிலிருந்து அனுப்பிய குரல் பதிவு, புதன்கிழமை காலையிலேயே மூன்று பக்கமிருந்து என் போனுக்கு வந்துவிட்டது. "ஆஸ்பத்திரியில கிருமி பரவி ஏழு பேரு செத்துட்டாவ, ஐ.சி.யூ.வ மூடிட்டாவ, யாரும் போவாதீங்க." உன் மாமியார் மாதாமாதம் இங்கே சுகர் மாத்திரை வாங்க வருகிறவர், நீ பதறியது நியாயம்தான். அவரைத் தாராளமாக வரச் சொல்.

நடந்தது இதுதான். வென்டிலேட்டரில் இருந்த இரண்டு பேரின் சளி மாதிரியில் அசினிடோபாக்டர் என்ற கிருமி வளர்ந்திருந்தது. இரண்டு பேருக்கும் காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயில் புதிதாக ஒன்றும் இல்லை. கிருமி உடம்பில் குடியிருப்பது வேறு, நோயாக மாறுவது வேறு. ஆனாலும் அது பக்கத்துக் கட்டிலுக்குத் தாவக்கூடியது. அதனால் திங்கள் மதியம் அவர்களைத் தனி அறைக்கு மாற்றி, இருவரின் ரத்தத்தையும் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பகுதியைக் காலி செய்து கழுவினோம். 5 சதவீத ஹைப்போகுளோரைட் ஒரு லிட்டருக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்று கலந்து, கட்டில் கம்பியிலிருந்து கதவுப் பிடிவரை துடைத்து, பத்து நிமிடம் ஈரம் காயாமல் விட வேண்டும். பிளீச்சிங் வாடை வராந்தா முழுக்க அடித்தது. மாஸ்க்கும் கவுனும் போட்ட ஆட்களையும் காலிக் கட்டில்களையும் பார்வையாளர்கள் பார்த்தார்கள். அதே திங்கள், செவ்வாயில் ஆஸ்பத்திரியில் மூன்று பேர் இறந்தார்கள். இரண்டையும் யாரோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

புதன் மதியம் பத்திரிகைக் குறிப்பு எழுத உட்கார்ந்தோம். தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்று என்னையும் கூப்பிட்டார்கள். முதலில் எழுதி வந்த வரி: "எங்கள் மருத்துவமனையில் நோய்த்தொற்றால் எவரும் இறக்கவில்லை." எனக்கு அடிவயிறு கலங்கியது. ஏனென்றால் அது உண்மையில்லை. இறந்த மூவரில் ஒருவர் விபத்தில் தலையில் அடிபட்டவர், ஒருவர் பக்கவாதம் வந்த முதியவர். மூன்றாமவருக்குச் சர்க்கரை நோய். காலில் புண் அழுகி, விஷம் ரத்தத்தில் ஏறி, பிரஷர் விழுந்த நிலையில் திங்கள் இரவு கொண்டுவந்தார்கள். செவ்வாய் மதியம் போய்விட்டார். அவருடைய இறப்புக் காரணச் சான்றிதழில் செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உறுப்புகளைத் தாக்கிய நிலை, என்றுதான் டாக்டர் எழுதியிருக்கிறார், எழுதவும் வேண்டும். அந்தத் தாள் வெளியே வந்தால் எங்கள் குறிப்பு என்ன ஆகும்? அதற்குப் பிறகு நாங்கள் எது சொன்னாலும் எவன் நம்புவான்?

கேட்க வேண்டிய கேள்வி, தொற்று எங்கிருந்து வந்தது என்பது. சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டுவதைத்தான் பொதுவாக ஆஸ்பத்திரித் தொற்று என்று கணக்கில் எடுப்போம். இவர் இங்கே இருந்ததே ஒரு நாளுக்கும் குறைவு. வந்த ஒரு மணி நேரத்துக்குள், முதல் ஆன்டிபயாடிக் ஊசி போடும் முன்பே ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பியிருந்தோம். புதன் காலை அதில் கிருமி வளர்ந்திருப்பதாக லேப் சொன்னது. வந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் இருந்த கிருமி வெளியிலிருந்து வந்ததுதான். எங்களிடம் இருந்த சாட்சி அந்த ஒரு கல்ச்சர் பாட்டில்தான் மக்கா.

சரி, அதை எப்படி எழுதுவது? அவருடைய வயதும் தொழிலும் போட்டால் போதும், பெயர் இல்லாமலே கடற்கரையில் எந்த வீடு என்று சொல்லிவிடுவார்கள். மகனைக் கூப்பிட்டுப் பேசினோம். வயது, ஊர், தொழில் மூன்றையும் எடுத்துவிட்டு, "காலில் இருந்த புண்ணால் ஏற்பட்ட தொற்றுடன் ஏற்கெனவே ஆபத்தான நிலையில் அழைத்துவரப்பட்டவர்" என்ற வரியை வாசித்துக் காட்டியபோது சம்மதித்தார்.

ஏழு என்ற எண்ணைக் குறிப்பில் எங்கேயும் நாங்கள் எழுதவில்லை. மறுக்கிறேன் என்று திரும்பச் சொன்னாலும் அந்த எண்தான் மனதில் நிற்கும். "இரண்டு நாளில் மூன்று இறப்புகள், காரணங்கள் இவை" என்று நேராகத் தொடங்கினோம். பகுதியைக் காலி செய்ததை மறைக்கவில்லை, ஏன் செய்தோம் என்று சொன்னோம். வென்டிலேட்டரில் இருக்கும் இருவரின் ரத்தக் கல்ச்சரில் இதுவரை எதுவும் வளரவில்லை, ஐந்து நாள் வைத்துப் பார்த்த பிறகே முடிவு, அதைச் சனிக்கிழமை மாலை சொல்வோம் என்றும் எழுதினோம். இந்த வரி வேண்டாம், பயத்தைக் கிளப்பும் என்று ஒருவர் தடுத்தார். நான் விடவில்லை. சனிக்கிழமை வேறு முடிவு வந்தால், முன்பே சொல்லாமல் விட்டதுதான் பொய்யாகத் தெரியும்.

நாலு மணிக்கு வெளியிட்டோம். பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் நர்ஸ்களுக்கும் வாசல் செக்யூரிட்டிக்கும் பிரதி கொடுத்தேன், உறவினர்கள் முதலில் கேட்பது அவர்களைத்தானே. சனிக்கிழமை சொன்னபடி இரண்டாவது குறிப்பும் போனது. இரண்டு பேரின் ரத்தத்திலும் எதுவும் வளரவில்லை.

அன்று மாலை அந்த மகன் வந்திருந்தார். குறிப்பின் நகல் நாலு வேண்டும் என்றார். "எங்க அப்பாவ நீங்க கொன்னுட்டீங்கன்னு தெருவுல பேசுறாவ, நான் அவியளுக்குக் காட்டணும்" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

மாமியாருக்குக் காலில் சின்னப் புண் ஏதும் இருந்தால் தள்ளிப்போடாமல் உடனே வரச் சொல். அடுத்த லீவு எப்போது?

உன்,
பழைய பெஞ்சுத் தோழி