கேமராவுக்குப் பின்னாலும் ஒரு சுவர் கட்டுங்கள்

அடுக்குமாடி விளம்பரங்களுக்கு 3டி படம் செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தொழில்தான். சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வரும் கோப்புகளில் கூடமும் சமையலறையும் இப்போதெல்லாம் நன்றாகவே இருக்கின்றன. லிஃப்ட் லாபியில்தான் இடிக்கிறது. கதவு சாம்பல் பெயின்ட் அடித்த பலகையாக நிற்கும். தரை யாரோ இப்போதுதான் தண்ணீர் ஊற்றிக் கழுவியதுபோலத் தெரியும். சுவரில் வெளிச்சம் இருக்கும், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. மெட்டீரியலைக் குறை சொல்லிப் புதிது புதிதாக இறக்குமதி செய்கிறீர்கள். பாதிக் கோப்புகளில் மெட்டீரியல் சரியாகவே இருக்கிறது. படத்தில் தெரியாத பக்கத்தில் நீங்கள் எதையும் கட்டவில்லை என்பதுதான் கோளாறு.

கூடத்தில் இது தப்பித்துவிடும். சோபாத் துணியும் மரமும் எதிரே என்ன இருக்கிறது என்று காட்டிக் கொடுப்பதில்லை. ஸ்டீலுக்கோ சொந்த நிறம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எதிரே இருப்பதைத்தான் அது காட்டும். கேமராவுக்குப் பின்னால் வெறும் சாம்பல் வெளி இருந்தால் கதவும் சாம்பல்தான். சிலர் அதைச் சமாளிக்க வெளிப்புற HDRI ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் நாலு பக்கமும் மூடிய லாபியில் கதவின் மேல்பாதி வானநீலமாகத் தெரிகிறது.

ஒரு சாதாரணத் தரைத்தள லாபியையே எடுத்துக்கொள்வோம். எட்டுப் பேர் ஏறும் லிஃப்ட், நடுவில் பிரியும் கதவு, அகலம் 800 மி.மீ., உயரம் 2000 மி.மீ. கேமரா 1.5 மீட்டர் உயரத்தில், கதவிலிருந்து 6 மீட்டர் தள்ளி. கேமராவுக்குப் பின்னால் நிஜக் கட்டடத்தில் என்ன இருக்கும்? கண்ணாடி வாசல், அதன் வழியே பகல் வெளிச்சம், ஓரத்தில் காவலாளியின் மேசை, ஒரு சுவர், அதற்கு மேல் சீலிங். இவற்றை நுணுக்கமாக மாடல் செய்ய வேண்டியதில்லை. சரியான அளவில், சரியான நிறத்தில் நாலைந்து பெட்டிகள் போதும். ஏன் போதும் என்றால், கதவு இவற்றைத் தெளிவாகக் காட்டப் போவதில்லை.

லிஃப்ட் கதவில் பெரும்பாலும் ஹேர்லைன் ஸ்டீல்தான் இருக்கும். மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் ஓடும். வெளிச்சம் கோட்டின் திசையில் நீளாது, கோட்டுக்குக் குறுக்கே விரியும். எவர்சில்வர் தாம்பாளத்தை விளக்கடியில் பிடித்துப் பாருங்கள், கோடுகள் வட்டமாக ஓட, பளபளப்பு நடுவிலிருந்து விசிறிபோல வெளியே பாயும். அதே கணக்குத்தான் கதவிலும். வாசலின் வெளிச்சம் பக்கவாட்டில் இழுபட்டு அகலமான பட்டையாகத் தெரியும். அதன் இடது, வலது விளிம்புகள் கரைந்துபோகும், மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஓரளவு நிற்கும். எதிர்ச்சுவர் தரையைத் தொடும் கோடு தெரியும், எதிரே நிற்கும் ஆளின் தோள் தெரியாது.

பிளெண்டரில் Cycles வைத்துச் செய்பவர்கள் Metallic 1, Roughness 0.3, Anisotropic 0.7 என்று ஆரம்பிக்கலாம். விரிவு தப்பான திசையில் போனால் Anisotropic Rotation மதிப்பை 0.25 மாற்றுங்கள், 90 டிகிரி திரும்பிவிடும். திசை சரியா என்று பார்க்க ஒரு சின்ன விளக்கைக் கதவுக்கு முன் வைத்தாலே போதும்.

தரைக்கு வருவோம். பாலிஷ் கிரானைட்டை உலோகமாக வைக்காதீர்கள். Metallic 0, IOR 1.5 இருந்தாலே பிரதிபலிப்பு தானாக வரும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வராது, வரவும் கூடாது. நேர் மேலிருந்து பார்த்தால் நூற்றில் 4 பங்கு ஒளிதான் திரும்பும். நம் கேமராவிலிருந்து 2.6 மீட்டர் தள்ளி இருக்கும் தரையில் சுமார் 9 பங்கு. 6 மீட்டரில், கதவின் காலடியில், கால்வாசிக்கும் சற்று அதிகம். கேமராவின் காலடியில் கல்லின் நிறமும் புள்ளியும் தெரிய வேண்டும், கதவை நெருங்க நெருங்க அது கண்ணாடியாக வேண்டும். உங்கள் படத்தில் முன்னும் பின்னும் ஒரே பளபளப்பு இருப்பதால்தான் கழுவிவிட்ட தரையாகத் தெரிகிறது. கறுப்புக் கல்லில் பிரதிபலிப்பு எடுப்பாகவும் வெள்ளை டைல்ஸில் மங்கலாகவும் தெரிவதைப் பார்த்து Roughness-ஐ நோண்ட வேண்டாம். திரும்பும் ஒளி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், வெள்ளையின் சொந்த வெளிச்சத்தில் அது அமுங்கிப்போகிறது.

இன்னொன்று, கல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக 0.1 டிகிரி அளவுக்குக் கோணலாக வையுங்கள். எந்தக் கொத்தனாரும் மொத்தத் தரையையும் ஒரே மட்டத்தில் பதித்ததில்லை. கதவின் நேர்க்கோடு இணைப்பில் துளி விலகினால் தரை உடனே நம்பும்படி ஆகிவிடும்.

மாடி எண் காட்டும் இண்டிகேட்டர் கதவுக்கு மேலே 2.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். தரையில் அதன் பிம்பம் கதவின் காலடியில் விழாது. கணக்குப் போட்டால் கேமராவிலிருந்து சுமார் 2.4 மீட்டரில் விழுகிறது. படுக்கைவாட்டுப் படத்தில் அது சட்டத்துக்கு வெளியே போய்விடலாம், நெடுக்குப் படமென்றால் தெரியும். அங்கே திரும்பும் ஒளி பத்தில் ஒரு பங்குகூட இல்லை, மங்கலான சிவப்புத்தான். எண் தலைகீழாக இருக்கும். ஏழு துண்டு எழுத்தில் 3-ம் 8-ம் மாறாது, 2-ஓ 5 ஆகிவிடும். போட்டோஷாப்பில் எண்ணை ஒட்டுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். Emission அளவையும் குறையுங்கள். எண்ணின் நடு வெளுத்து இளஞ்சிவப்பானால் அது அளவுக்கு மீறி எரிகிறது என்று அர்த்தம். மாடி எண் லாபிக்கு விளக்கு அல்ல.

விளக்கு என்றதும் என் பெரிய ஆதங்கம் வருகிறது. சுவர் சீராகத் தெரிய வேண்டும் என்று கேமராவுக்குப் பின்னால் பெரிய ஏரியா லைட் ஒன்றை வைக்கிறீர்கள். அது கதவில் வெள்ளைச் சதுரமாகத் தெரிந்ததும் Ray Visibility-யில் Glossy-ஐ அணைத்துவிடுகிறீர்கள். சதுரம் போய்விடுகிறது, கூடவே கதவின் உயிரும் போய்விடுகிறது. சுவருக்கு வெளிச்சம் இருக்கிறது, ஸ்டீலுக்கு இல்லை. இந்த முரண்பாட்டுக்குப் பெயர் தெரியாத வாடிக்கையாளர்கூட "ஏதோ டூப்ளிகேட் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிடுகிறார். நிஜத்தில் செய்வதையே செய்யுங்கள். சுவர் உயரம் 2.7 மீட்டர் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.9 மீட்டர், சுவரிலிருந்து தள்ளி சீலிங்கில் வால்வாஷர் விளக்குகள். ஒன்றுக்கொன்று இடைவெளியும் அதே 0.9 மீட்டர். சுவர் சீராக வரும், ஆனாலும் கீழே கொஞ்சம் இறங்கும், மூலையில் கொஞ்சம் இருளும். அதைத் திருத்தாதீர்கள். அந்த வரிசை கதவிலும் தரையிலும் தெரியட்டும்.

லிஃப்ட் கதவுகள் இரு பக்கமும் எதிரெதிராக இருந்தால் Glossy Bounces வழக்கமான 4 போதாமல் பிம்பத்தின் உள்ளே இருட்டலாம். 8 வையுங்கள், நேரம் சற்றுக் கூடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். லாபி கோப்பு அனுப்பும்போது, கேமராவை 180 டிகிரி திருப்பி, பின்பக்கத்தை ஒரு குறைந்த தரப் படமாக எடுத்துக் கூடவே அனுப்புங்கள். அரைமணி நேர வேலைகூட இல்லை. அந்தப் படத்தைத்தான் நான் முதலில் திறப்பேன். அதில் சுவர் இல்லையென்றால் மற்றதைப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்